மாசம் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரு நோட்டு

(நம் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், அம்பத்தூர் பகுதியில் சிறு கடைகளுக்கும் குழுக்களுக்கும் இணையதளம் பராமரித்துக் கொடுக்கும் சகோதரி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வெப்சைட் வைத்திருக்கும் குழுக்கள் இந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.)



வெப்சைட் ஆரம்பிப்பது எப்படி என்று இதே இடத்தில் முன்பே பேசியிருக்கிறோம். இன்றைக்கு, ஆரம்பித்ததற்கு அப்புறம் என்ன செய்வது என்று மட்டும் பேசப் போகிறேன். ஆவடி பக்கம் ஒரு குழுவுக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

அந்தக் குழு மசாலாப் பொடி, மிக்சர், முறுக்கு போடுகிறது. 2018-ல் ஒரு கல்லூரிப் பையன் அவர்களுக்கு வேர்ட்பிரஸ்ஸில் அழகாக ஒரு வெப்சைட் செய்து கொடுத்தான். எட்டுப் பக்கம். இருபத்து நாலு பொருள். கடைசியில் "மொத்த ஆர்டருக்கு எழுதுங்கள்" என்று ஒரு படிவம். தினமும் யாராவது ஒருத்தர் போனில் திறந்து பார்ப்பார்கள். நல்லாத்தான் இருந்தது.

ஒரு நாள் உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்காரர், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர், வீட்டுக்கு வந்து கேட்டார்: "எங்க கேன்டீன்காரர் உங்க படிவத்துல மூணு தடவை எழுதினாராமே, ஏன் பதிலே போடல?" மாசம் நாற்பது கிலோ மிக்சர் வேண்டும் என்று எழுதியிருக்கிறார். பதில் வராததால் வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்.

எங்கே போனது அந்த மூன்று கடிதம்? அந்தப் பையனின் கல்லூரி மெயிலுக்கு. படிவத்தை முதலில் சோதிக்க அவன் தன் மெயிலைப் போட்டிருக்கிறான், மாற்ற மறந்துவிட்டான். படிப்பு முடிந்ததும் கல்லூரி அந்த மெயிலை மூடிவிட்டது. எழுதினவருக்கோ, "உங்கள் செய்தி அனுப்பப்பட்டது" என்று பச்சை எழுத்தில் பதில் வந்திருக்கிறது.

கடையில் ஷட்டர் இறங்கவில்லை என்றால் நமக்கே தெரியும். வெப்சைட்டில் கோளாறு வந்தால் நமக்குத் தெரியாது, வாங்க வந்தவருக்குத்தான் தெரியும். அவர் நமக்குச் சொல்ல மாட்டார், பேசாமல் போய்விடுவார். அதனால் மாசத்துக்கு ஒரு நாள், நாமே வாங்க வந்தவர் மாதிரி உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எந்த நாள்? யார்?

குழுவின் மாதக் கணக்கு முடிக்கிற நாளையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் உட்கார வேண்டும், ஒருத்தர் பார்க்க, ஒருத்தர் நோட்டில் எழுத. முதல் தடவை அரை நாள் ஆகும், ஏனென்றால் பழைய குப்பை நிறைய இருக்கும். அந்த ஆவடிக் குழுவுக்கு முதல் நாள் நாலு மணி நேரம் ஆனது. மூன்றாவது மாசத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் முடிக்கிறார்கள்.

வரிசை முக்கியம். முதலில் பேக்கப். அடுத்து அப்டேட். அடுத்து பக்கங்களைப் படித்துப் பார்ப்பது. அடுத்து லிங்க். கடைசியில் ஒரு சோதனை ஆர்டர். அப்டேட் செய்யும்போதுதான் ஏதாவது உடையும், அதனால் பேக்கப் அதற்கு முன்னால். எல்லாம் முடிந்த பிறகு படிவம் இன்னும் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டும், அதனால் சோதனை ஆர்டர் கடைசியில்.

பேக்கப்: நகல் எங்கே இருக்கிறது?

வேர்ட்பிரஸ் வெப்சைட்டில் இரண்டு பகுதி இருக்கிறது. படங்கள், டிசைன், ப்ளக்-இன்கள் எல்லாம் ஃபைல்கள். பக்கங்களில் எழுதியது, விலை, ஆர்டர் எல்லாம் டேட்டாபேஸ். இரண்டையும் நகல் எடுத்தால்தான் அது பேக்கப். UpdraftPlus என்று ஒரு இலவச ப்ளக்-இன் இருக்கிறது. அது இரண்டையும் எடுத்து கூகுள் டிரைவில் போட்டுவிடும்.

நகலை அதே சர்வரில் வைத்தால் பிரயோஜனம் இல்லை. வீட்டுச் சாவிக்கு மாற்றுச் சாவி செய்து அதே வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற மாதிரிதான்.

எடுத்ததும் அளவைப் பாருங்கள். போன மாசம் டேட்டாபேஸ் நகல் 6 எம்.பி. இருந்து இந்த மாசம் 1 எம்.பி. என்றால் பாதியில் நின்றிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள், மறுபடி எடுங்கள். அளவை நோட்டில் எழுதி வைத்தால்தான் இது கண்ணில் படும்.

அப்டேட்: முதலில் நீக்கு, பிறகு புதுப்பி

நிர்வாகப் பக்கத்துக்குள் போய் Dashboard, அதற்குக் கீழே Updates. ஆவடிக் குழு திறந்தபோது பதினொரு ப்ளக்-இன் இருந்தது. அதில் நாலு எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று "ஆஃப்" நிலையில் இருந்தது.

"ஆஃப்ல தானே இருக்கு, கிடக்கட்டும்" என்றார்கள். அங்கேதான் தப்பு. ப்ளக்-இன்னை ஆஃப் செய்தால் வேர்ட்பிரஸ் அதைப் பயன்படுத்தாது, அவ்வளவுதான். அதன் ஃபைல்கள் சர்வரில் அப்படியே இருக்கும்.

2020-ல் நடந்ததைச் சொல்கிறேன். WP File Manager என்ற ப்ளக்-இன்னை உலகம் முழுக்க ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வெப்சைட்கள் வைத்திருந்தன. அதற்குள் ஒரு ஃபைலை, பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல், வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் நேரடியாகக் கூப்பிட முடிந்தது. அதன் வழியாகத் திருடர்கள் தங்கள் ஃபைலை உள்ளே ஏற்றினார்கள். செப்டம்பர் 1-ம் தேதி 6.9 என்ற பதிப்பில் ஓட்டையை அடைத்தார்கள். ஆனால் அதற்கு முன்பே திருட்டு ஆரம்பித்துவிட்டது. நேரடியாகக் கூப்பிடக்கூடிய ஃபைல் என்பதால், ப்ளக்-இன் ஆஃபில் இருந்தாலும் ஆபத்துதான். ஃபைலே இல்லாவிட்டால்தான் பயம் இல்லை.

அதனால் வேண்டாததை Deactivate செய்து, அதோடு நிற்காமல் Delete செய்யுங்கள். ஆவடிக் குழு பதினொன்றை ஆறாகக் குறைத்தது.

இன்னொரு பாடமும் இதில் உண்டு. இப்படிப்பட்ட ஓட்டை வந்தால் மாசக் கடைசி வரை காத்திருக்க முடியாது. வேர்ட்பிரஸ்ஸின் சின்னப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2013 முதல் தானாகவே ஏறுகின்றன. ப்ளக்-இன்களுக்கு 2020 முதல் பட்டியலிலேயே Enable auto-updates என்று ஒரு பட்டன் இருக்கிறது. பாதுகாப்பு, பேக்கப் மாதிரியான ப்ளக்-இன்களுக்கு அதை ஆன் செய்துவிடுங்கள். படிவம், ஆர்டர் சம்பந்தப்பட்ட ப்ளக்-இன் உங்கள் கண் முன்னால் ஏறட்டும். ஆனால் அதில் பாதுகாப்புத் திருத்தம் என்று செய்தி வந்தால் அன்றைக்கே ஏற்றிவிடுங்கள், மாசாந்திர நாளுக்கு வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் மொத்தமாக டிக் செய்து ஒரே அமுக்காக அமுக்காதீர்கள். ஒன்று ஏற்றுங்கள், பாருங்கள், அடுத்தது ஏற்றுங்கள். எப்படிப் பார்ப்பது? நீங்கள் நிர்வாகியாக உள்ளே இருப்பதால் உங்களுக்குத் தெரிவதும் வாங்க வருபவருக்குத் தெரிவதும் ஒன்றாக இருக்காது. இன்னொருவர் போனில், இன்காக்னிட்டோ என்கிற தனி ஜன்னலில் திறந்து, முகப்புப் பக்கம், ஒரு பொருள் பக்கம், படிவம், இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆவடியில் படிவ ப்ளக்-இன்னை ஏற்றியதும், 'அனுப்பு' பட்டனை அமுக்கினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பதறிவிட்டார்கள். காரணம் ரொம்பச் சின்னது. பக்கம் வேகமாகத் திறப்பதற்காக ஒரு கேச் ப்ளக்-இன் போட்டிருந்தார்கள். அது பழைய பக்கத்தைச் சேமித்து வைத்து அதையே காட்டிக்கொண்டிருந்தது. பழைய பக்கம், புது ப்ளக்-இன், இரண்டும் ஒத்துப்போகவில்லை. கேச்சைக் காலி செய்ததும் சரியாகிவிட்டது.

அதற்கும் சரியாகாவிட்டால் பேக்கப்பிலிருந்து பழையதைக் கொண்டுவரலாம். அப்போது Plugins பகுதியை மட்டும் திருப்புங்கள், முதலிலேயே டேட்டாபேஸைத் தொடாதீர்கள். பேக்கப் எடுத்த பிறகு வந்த ஆர்டரும் மாற்றிய விலையும் டேட்டாபேஸில்தான் இருக்கிறது. அதைத் திருப்பினால் அவையும் சேர்ந்து போய்விடும்.

வெப்சைட் முழுதாகவே திறக்காமல் போனால்? 2019-ல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, பெரிய கோளாறு வந்தால் வேர்ட்பிரஸ்ஸே நிர்வாகிக்கு ஒரு மெயில் அனுப்பும். அதிலுள்ள லிங்க் வழியாக உள்ளே போய் கெட்ட ப்ளக்-இன்னை நிறுத்தலாம். அந்த மெயில் எந்த முகவரிக்குப் போகும் என்று பாருங்கள். Settings, General, அதில் Administration Email Address. ஆவடியில் அங்கேயும் அந்தப் பையனின் கல்லூரி மெயில்தான் இருந்தது! குழுவுக்கென்று ஒரு மெயில் தொடங்கி மாற்றினார்கள். அதன் பாஸ்வேர்டு ஊக்குநர், பிரதிநிதி இருவரிடமும் இருக்கட்டும்.

பக்கங்களைப் படிப்பது: எண், தேதி, ஆள்

இதற்குக் கம்ப்யூட்டர் அறிவே வேண்டாம். ஒருத்தர் போனில் ஒவ்வொரு பக்கமாக வாய்விட்டுப் படிக்கட்டும். இன்னொருத்தர் கையில் விலைப் பட்டியலும் பாக்கெட்டும் வைத்துக்கொள்ளட்டும். கவனிக்க வேண்டியது மூன்றுதான்: எண், தேதி, ஆள். தப்பு வருவது பெரும்பாலும் இதில்தான்.

எண் என்றால் விலை, எடை, போன் நம்பர், பாக்கெட்டில் உள்ள 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், வரி. ஆவடிக் குழு ஜி.எஸ்.டி. பதிவு செய்தது. மிக்சர் பக்கத்தில் "ஜி.எஸ்.டி. 12 சதவீதம் தனி" என்று இருந்தது. பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய மிக்சர் வகைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகிவிட்டது. பில்லில் சரியாக 5 போடுகிறார்கள், வெப்சைட்டில் மட்டும் பழசு. 1,000 ரூபாய் சரக்குக்கு 1,120 ஆகும் என்று நினைத்து ஒருவர் போய்விடுவார். உண்மையில் 1,050தான்.

தேதி என்றால், "தீபாவளி முன்பதிவு தொடங்கிவிட்டது" என்ற பட்டை பங்குனி மாசத்திலும் தொங்கிக்கொண்டிருப்பது. வருபவர், "இவங்க இன்னும் தொழில் நடத்துறாங்களா?" என்றுதான் யோசிப்பார். இவர்கள் முகவரியில் "ஆவடி நகராட்சி" என்று இருந்தது. ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. அம்பத்தூர்க் குழுக்கள் பாருங்கள், "திருவள்ளூர் மாவட்டம்" என்று இன்னும் இருக்கலாம். 2018 முதல் அம்பத்தூர் சென்னை மாவட்டத்தில் இருக்கிறது. இதெல்லாம் அதே எழுத்தைப் பழைய லெட்டர்பேடிலிருந்து எடுத்துப் போட்டதால் வருவது.

ஆள் என்றால், "தொடர்புக்கு" என்று போட்டிருக்கும் அக்கா இன்னும் குழுவில் இருக்கிறாரா? அந்தப் போன் அவரிடம்தான் இருக்கிறதா? பொறுப்பாளர் மாறி ஒரு வருஷம் ஆகியும் பழையவருக்கே போன் போய்க்கொண்டிருப்பதை நான் எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன்.

லிங்க்: திறக்காததும், தப்பாகத் திறப்பதும்

உடைந்த லிங்க் என்றால் அமுக்கினால் 404 என்று வருவது. அதைக் கண்டுபிடிக்க இலவசக் கருவி உண்டு. validator.w3.org/checklink என்ற முகவரியில் உங்கள் வெப்சைட்டின் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் போட்டால், அந்தப் பக்கத்தில் உடைந்ததைப் பட்டியல் போட்டுத் தரும். எட்டுப் பக்கம் என்றால் கையாலேயே அமுக்கிப் பார்த்துவிடலாம்.

ஆவடியில் பெரிய உடைசல் வெப்சைட்டுக்குள் இல்லை, பாக்கெட் மேல் இருந்தது. 2023 தீபாவளிக்கு க்யூ.ஆர். ஸ்டிக்கர் அடித்தார்கள். அமுக்கினால் தீபாவளிப் பலகாரப் பக்கம் திறக்கும். பண்டிகை முடிந்ததும் அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டார்கள். மிச்ச ஸ்டிக்கரை வீணாக்க மனசில்லாமல் அடுத்த வருஷமும் ஒட்டினார்கள். பாக்கெட் வாங்கி, இன்னும் வேண்டும் என்று ஸ்கேன் செய்தவர்களுக்கெல்லாம் 404.

ஸ்டிக்கரைத் திரும்ப வாங்க முடியாது. பழைய முகவரிக்கு வருபவரைப் புதுப் பக்கத்துக்குத் திருப்பி விடலாம். Redirection என்ற இலவச ப்ளக்-இன்னில் இரண்டு வரி போட்டால் போதும்:

```
Source URL:  /diwali-2023/
Target URL:  /palagaram/
```

இனிமேல் முகவரியில் வருஷத்தைப் போடுவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். ஒரே பலகாரப் பக்கம், வருஷா வருஷம் உள்ளே உள்ளதை மட்டும் மாற்றுவது. வெளியில் அச்சடித்துக் கொடுத்த எந்த முகவரியையும் நீக்கக் கூடாது.

அடுத்தது, கருவியால் கண்டுபிடிக்க முடியாத தப்புகள். லிங்க் திறக்கும், ஆனால் தப்பான இடத்துக்குப் போகும். வாட்ஸ்அப் லிங்க் இப்படி இருக்க வேண்டும்:

```
https://wa.me/91XXXXXXXXXX
```

91, அதற்குப் பின்னால் பத்து இலக்கம். முன்னால் பிளஸ் குறியும் வேண்டாம், பூஜ்யமும் வேண்டாம். ஒரு இலக்கம் தப்பினாலும் பக்கம் திறக்கத்தான் செய்யும், கருவி "சரி" என்றே சொல்லும். ஆர்டர்தான் வராது. அதனால் வாட்ஸ்அப், போன், மேப் இந்த மூன்றையும் மாசாமாசம் கையால் அமுக்கியே ஆக வேண்டும். மேப்பில் குத்தியிருக்கும் இடம் இப்போது இருக்கும் யூனிட்தானா, பழைய வாடகை வீடா என்றும் பாருங்கள்.

பக்கத்தின் அடியில் வரிசையாக இருக்கும் சின்னங்களையும் பாருங்கள். இவர்களிடம் கூகுள் பிளஸ் சின்னம் இருந்தது, அது 2019 ஏப்ரலிலேயே மூடிவிட்டது. சில குழுக்களிடம் டிக்டாக் இருக்கும், அது 2020-ல் இங்கே தடை ஆனது. எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று சொல்லவே சங்கடம். இவர்களுக்கு முதன்முதலில் பயிற்சி கொடுத்த ஒரு அமைப்புக்கு நன்றி சொல்லி லிங்க் கொடுத்திருந்தார்கள். அந்த அமைப்பு தன் முகவரியைப் புதுப்பிக்கவில்லை, வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அமுக்கினால் சூதாட்ட விளம்பரம். கருவிக்கு அது உடைந்த லிங்க் இல்லை, ஏனென்றால் பக்கம் திறக்கிறதே! நம் வெப்சைட்டிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு லிங்கையும் கண்ணால் பார்க்க வேண்டியது இதனால்தான்.

நம் முகவரிக்கும் அதே கதி வரலாம். டொமைன் எந்தத் தேதியில் முடிகிறது, நினைவூட்டல் மெயில் யாருக்குப் போகிறது என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை ஆர்டர்

வெளி ஆள் ஒருவர் போனிலிருந்து, படிவத்தில் "இது சோதனை" என்று தேதியோடு எழுதி அனுப்புங்கள். பச்சை எழுத்து வந்தால் போதாது. குழுவின் மெயிலைத் திறந்து, வந்திருக்கிறதா, ஸ்பாம் பெட்டியில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்த பிறகுதான் டிக்.

Contact Form 7 வைத்திருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அது செய்தியை மெயிலில் அனுப்பும், தன்னிடம் வைத்துக்கொள்ளாது. மெயில் தொலைந்தால் செய்தியும் தொலைந்தது. கேன்டீன்காரர் எழுதிய மூன்றும் அப்படித்தான் போனது, மீட்க வழியே இல்லை. அதோடு Flamingo என்ற ப்ளக்-இன்னையும் போட்டால், வரும் செய்தி ஒவ்வொன்றும் நிர்வாகப் பக்கத்திலேயே சேமிக்கப்படும். மாசக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், ரசீதுப் புத்தகத்தையும் கல்லாவையும் ஒப்பிடுகிற மாதிரி.

கேட்டார்கள், சொன்னேன்

*"எங்க வெப்சைட் வேர்ட்பிரஸ் இல்லீங்க, மாசக் கட்டணம் கட்டுற கம்பெனி நடத்துது. அப்பவும் இதெல்லாம் வேணுமா?"* என்று பூந்தமல்லி அக்கா கேட்டார். அப்டேட் வேலை அவர்களுடையது அக்கா, அதை விட்டுவிடலாம். பேக்கப் அவர்கள் எடுக்கிறார்களா, கேட்டால் தருவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். பக்கங்களைப் படிப்பது, லிங்க், சோதனை ஆர்டர் மூன்றும் உங்கள் வேலைதான். உங்கள் முறுக்கு விலை அவர்களுக்கு எப்படித் தெரியும்?

*"செஞ்சு கொடுத்த பையனோட தொடர்பே இல்லை, பாஸ்வேர்டும் இல்லை"* என்றார் இன்னொருவர். முதலில் டொமைனும் ஹோஸ்டிங்கும் யார் பெயரில் இருக்கிறது என்று பணம் கட்டின ரசீதைத் தேடுங்கள். ஹோஸ்டிங் உங்கள் பெயரில் இருந்தால் அந்தக் கம்பெனியிடம் பேசி உள்ளே போய்விடலாம், வேர்ட்பிரஸ் பாஸ்வேர்டை அங்கிருந்தே மாற்றலாம். டொமைன் பையன் பெயரில் இருந்தால் அவனைத் தேடிப் பிடித்து, குழுப் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். இது முடிகிற வரை மற்றது எதுவும் அவசரம் இல்லை.

நோட்டில் ஒரு மாசத்துக்கு ஒரு பக்கம்

- தேதி, உட்கார்ந்த இருவர் பெயர்
- பேக்கப் எடுத்தது, அளவு, எங்கே இருக்கிறது
- நீக்கிய ப்ளக்-இன், ஏற்றிய ப்ளக்-இன், ஏற்றியபின் போனில் பார்த்தது
- மாற்றிய எண், தேதி, ஆள்
- திருத்திய லிங்க். வாட்ஸ்அப், போன், மேப் அமுக்கிப் பார்த்தது
- சோதனைச் செய்தி அனுப்பிய நேரம், மெயிலில் வந்த நேரம்
- அடுத்த மாசத்துக்கு மிச்சம் இருப்பது

கடைசியாக ஒன்று. ஆவடிக் குழு கேன்டீன்காரரை நேரில் போய்ப் பார்த்தது, நடந்ததைச் சொன்னது. அந்த ஆர்டர் திரும்பவில்லை, அவர் வேறு ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் அவர் ஒன்று சொன்னாராம்: "அடுத்த தடவை எழுதினா வரும்ல?" வரும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த வார்த்தையைக் காப்பாற்றத்தான் அவர்கள் மாசாமாசம் உட்காருகிறார்கள்.